நலம் என்று தொடங்க முடியாத கடிதம்

கடிதம் எழுதியே பழகிய தலைமுறைக்கு முதல் வரி யோசிக்காமலே வந்துவிடும். தாளின் தலையில் பிள்ளையார் சுழி. அதன்கீழ், ‘இங்கு அனைவரும் நலம், அங்கு நலமறிய ஆவல்’ என்று ஒரு வரி. செய்தி அதற்குப் பிறகுதான். மங்கலச் செய்தி என்றால் தாளின் நான்கு மூலைகளிலும் மஞ்சள் தடவுவார்கள். துக்கச் செய்தி என்றால் ஓரத்தில் கறுப்பு மை இருக்கும்; படித்த கையோடு கிழித்துப் போட்டுவிட்டு மறுவேலை பார்ப்பார்கள். எந்தக் கடிதம் எந்த வகை என்பதில் யாருக்கும் ஐயம் இருந்ததில்லை.

மயிலாப்பூரில் சித்திரக்குளத்துக்கு அருகே வசிக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவருக்கு, எழுபத்தாறாம் வயதில் அந்த ஐயம் வந்தது. அவருடைய மகனுக்குச் சிறுநீரகம் மாற்றி வைக்கப்பட்டு நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. மறைந்த ஒருவரின் சிறுநீரகம் அது. அதைத் தரச் சம்மதித்த குடும்பத்துக்கு நன்றி சொல்லி ஒரு கடிதம் எழுதவேண்டும். “உங்கள் அளவுக்கு எனக்குத் தமிழ் வராது, அப்பா. நீங்களே எழுதித் தாருங்கள், நான் பார்த்து எழுதிக்கொள்கிறேன்” என்று மகன் கேட்டுக்கொண்டார். முப்பத்தெட்டு ஆண்டுகள் மாணவர்களுக்குக் கடிதம் எழுதக் கற்றுக்கொடுத்தவர் ஆசிரியர். பிற்பகல் ஒன்றில் முடித்துவிடலாம் என்றே எண்ணினார். எழுதி முடிக்க மூன்று வாரங்களாயின.

மகன் தியாகராய நகரில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுபவர். வயது நாற்பத்து நான்கு. இரத்த அழுத்தம் இருப்பதை அறியாமலே பல ஆண்டுகள் கழிந்து, இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்தன. வாரத்தில் மூன்று நாட்கள் அடையாற்றில் ஒரு டயாலிசிஸ் நிலையத்துக்குப் போய், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் படுத்திருக்கவேண்டும். அதைவிடக் கொடியது தாகம். சிறுநீர் பிரியாத உடலில் குடிக்கும் நீரெல்லாம் தங்கிவிடும். காலில் வீக்கமாகும், நுரையீரலில் நிறைந்தால் மூச்சு முட்டும். ஆகவே ரசம், மோர், காபி அனைத்தையும் சேர்த்து நாளுக்கு ஒரு லிட்டருக்குள் அடக்கவேண்டும். காலையில் அவருடைய தாயார் ஒரு பாட்டிலில் தண்ணீரை அளந்து வைப்பார். இரவு வரை அவ்வளவுதான். இளநீரும் வாழைப்பழமும் கூடாது. அவற்றிலுள்ள பொட்டாசியம் இதயத்தைத் தாக்கும். பங்குனியில் அறுபத்துமூவர் உற்சவத்தன்று மாட வீதிகளெங்கும் பந்தலிட்டு நீர்மோர் வழங்குவார்கள் அல்லவா? அவர் நான்கு பங்குனிகளாக அந்த நாளில் வெளியே வரவேயில்லை.

அரசின் பட்டியலில் பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருந்தனர். ஒருமுறை நள்ளிரவில் அழைப்பு வந்தது, ஓடினார்கள். கொடையாளியின் அணுக்களை இவருடைய இரத்தம் எதிர்க்கிறது என்று பொருத்தச் சோதனையில் தெரியவே, விடியற்காலையில் வெறுங்கையோடு திரும்பினார்கள். அடுத்த அழைப்பு பதினான்கு மாதங்கள் கழித்து வந்தது. அம்முறை பொருந்தியது. பழைய சிறுநீரகங்களை எடுப்பதில்லை. அவை இருந்த இடத்திலேயே இருக்கும். புதியதை வலப்பக்க அடிவயிற்றில் வைத்து, காலுக்குச் செல்லும் பெரிய இரத்தக் குழாய்களோடு இணைத்தார்கள். இணைத்ததும் வேலை தொடங்கிவிடவில்லை. மறைந்தவரிடமிருந்து பெற்ற சிறுநீரகம் குளிர்ப்பெட்டியில் சில மணி நேரம் இருந்து வருவதால், விழித்துக்கொள்ளச் சில நாட்கள் ஆவதுண்டு. ஆறு நாட்கள் அசைவில்லை. நடுவே இரண்டு முறை டயாலிசிஸ் செய்தார்கள். ஏழாம் நாள் சிறுநீர் பிரிந்தது. தாயார் மருத்துவமனை வராந்தாவில் அமர்ந்து வாய்விட்டு அழுதார்.

அன்றிரவே நன்றிக் கடிதம் எழுதிவிடவேண்டும் என்று ஆசிரியருக்குத் துடிப்பு. மருத்துவமனையின் உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளர் தடுத்தார். முப்பது வயதைத் தாண்டிய பெண்மணி. தானம் கேட்டுக் குடும்பங்களிடம் பேசுவதும் அவர் பணிதான். “சில மாதங்கள் போகட்டும், ஐயா. உங்களுக்கும் நிலைமை தெளிவாகட்டும், அவர்களுக்கும் மூச்சு விட நேரம் கிடைக்கட்டும். எழுதுங்கள். ஆனால் உறையை ஒட்டாமல் என்னிடம் கொடுங்கள். பெயர், ஊர், மருத்துவமனை, அறுவை நடந்த தேதி எதுவும் வேண்டாம். முதலில் அவர்களிடம், இப்படி ஒரு கடிதம் வந்திருக்கிறது, வேண்டுமா என்று கேட்பேன். வேண்டும் என்றால்தான் தருவேன்” என்றார்.

இவ்வளவு மறைப்பு எதற்கு என்று ஆசிரியர் வருந்தினார். அவர் நினைவில் இருந்தது 2008ஆம் ஆண்டு செப்டம்பர். திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த மருத்துவத் தம்பதியின் மகன், பதினைந்து வயது ஹிதேந்திரன், இருசக்கர வாகன விபத்தில் மூளைச்சாவு அடைந்தான். பெற்றோர் உறுப்புகளைத் தானம் செய்தனர். தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேர் வரை காவல்துறை சாலையை ஒழித்துக் கொடுக்க, அவனுடைய இதயம் ஒரு சிறுமிக்குப் போய்ச் சேர்ந்தது. யாருடைய இதயம், யாருக்கு என்பதெல்லாம் மறுநாள் நாளிதழ்களில் இருந்தது. தமிழகத்தில் உறுப்பு தானம் வீட்டுக்கு வீடு பேசப்பட்டது அதற்குப் பின்தான். ஆனால் அந்தப் பெற்றோர் தாங்களே மருத்துவர்கள். ஊரறியப் பேசும் திண்மை அவர்களுக்கு இருந்தது. அதை எல்லாக் குடும்பத்திடமும் எதிர்பார்க்க முடியாது.

மறைப்பிலும் ஓர் ஓட்டை உண்டு. உறுப்பு தானம் செய்தவரின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடைபெறும் என்று 2023 செப்டம்பர் 23 அன்று முதலமைச்சர் அறிவித்தார். அன்றுமுதல் அதிகாரிகள் மலர்வளையம் வைக்கும் படம் பெயரோடும் ஊரோடும் செய்தியாகிறது. மகனுக்கு அறுவை நடந்த மூன்றாம் நாள் நாளிதழில் அப்படி ஒரு செய்தி வந்திருந்தது. தாயார் அதைக் கத்தரித்துப் பூஜை அலமாரியில் கற்பகாம்பாள் படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார். தட்டில் பழம் வைத்து எடுத்துக்கொண்டு அந்த ஊருக்குப் போய், அந்தத் தாயின் காலில் விழவேண்டும் என்பது அவருடைய எண்ணம்.

ஒருங்கிணைப்பாளரிடம் அதைச் சொன்னபோது அவர் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. “அதே இரவில் வேறோர் ஊரிலும் தானம் நடந்திருக்கலாம், அம்மா. தவறான வீட்டுக்குப் போய் நிற்பீர்கள். சரியான வீடாகவே இருந்தாலும், உங்கள் மகனைப் பார்க்க அவர்கள் மனம் தயாரா என்று கேட்காமல் எப்படிப் போவது? சிலர் பார்க்க ஏங்குவார்கள். சிலருக்கு, பிழைத்தவரைப் பார்க்கும்போதுதான் பிழைக்காதவர் நினைவு பொங்கும்” என்றார். தாயார் பதில் பேசவில்லை. கத்தரித்த செய்தி அலமாரியிலேயே இருந்தது.

ஆசிரியர் எழுதிய முதல் கடிதம் நான்கு பக்கம். புறாவுக்காகத் தன் தசையை அரிந்து தந்த சிபி, முதுகெலும்பை ஈந்த ததீசி முனிவர், கண்ணை இடந்து அப்பிய கண்ணப்பர் என்று மூவரும் அதில் இருந்தனர். ‘தம் உயிரைக் கொடுத்து என் உயிரைக் காத்த உத்தமர்’ என்று ஒரு வரி. ‘அவர் மறையவில்லை, என்னுள் வாழ்கிறார்’ என்று மற்றொன்று. இரவு உணவுக்குப் பின் மனைவிக்குப் படித்துக் காட்டினார். அந்த அம்மையார் எட்டாம் வகுப்பு வரை படித்தவர். ஆனால் தெருவில் எந்த வீட்டில் துக்கம் நேர்ந்தாலும் முதலில் போய் அடுப்படிப் பொறுப்பை ஏற்பவர் அவர்தான்.

“துக்க வீட்டுக்குப் போனால் இப்படியா பேசுவீர்கள்?” என்று கேட்டார்.

ஆசிரியருக்கு முதலில் விளங்கவில்லை. இது நன்றிக் கடிதம் ஆயிற்றே என்றார். “நன்றி நமக்கு. அவர்களுக்கு இது துக்கம் விசாரிக்கிற கடிதம்தான். அதை முடித்துவிட்டு அல்லவா மற்றது?” என்றார் அம்மையார்.

அதன்பின் நடந்ததெல்லாம் அந்த ஒரு கேள்வியிலிருந்து பிறந்தது. துக்கம் விசாரிக்கும் முறை நம்மிடையே நெடுங்காலமாக உள்ளது. போனவுடன் ஆறுதல் சொல்லத் தொடங்குவதில்லை, அமர்ந்திருப்போம். எப்படி நடந்தது என்று துருவுவதில்லை; அவர்களாகச் சொன்னால் கேட்போம். நம் வீட்டு நலனை விரித்துரைப்பதில்லை. புறப்படும்போது ‘போய் வருகிறேன்’ என்று விடைபெறுவதும் இல்லை. இம்முறைகளைக் கையில் வைத்துக்கொண்டு அம்மையார் கடிதத்தை வரிவரியாகக் கேட்டார்.

முதலில் விழுந்தது ‘இங்கு அனைவரும் நலம்’. பிள்ளையை இழந்த வீட்டுக்கு, அந்தப் பிள்ளையின் உறுப்பைப் பெற்றவன் இங்கு நலம் என்று எடுத்த எடுப்பில் எழுதலாமா? நலம்தான், அதை அவர்களும் அறிய விரும்பக்கூடும். ஆனால் அது வரவேண்டிய இடம் தொடக்கம் அன்று.

‘பிள்ளை’ என்பதே ஊகம்தானே என்று மகன் குறுக்கிட்டார். நாளிதழ்ச் செய்தியை ஒதுக்கிவிட்டால், மறைந்தவர் ஆணா பெண்ணா, மணமானவரா, எத்தனை வயது என்பது இவர்களுக்குத் தெரியாது. கடிதத்தைப் பிரிப்பவர் தாயாக இருக்கலாம், மனைவியாக இருக்கலாம், பெரிய மகளாகவும் இருக்கலாம். இங்கே தமிழ் கைகொடுத்தது. ‘அவர்’ என்ற ஒரு சொல் ஆணுக்கும் பெண்ணுக்கும் இளையவர்க்கும் மூத்தவர்க்கும் மரியாதையோடு பொருந்துகிறது. ‘குடும்பத்தாருக்கு’ என்று விளித்தால் யாரும் விடுபடுவதில்லை.

அடுத்தது ‘உயிரைக் கொடுத்து’ என்ற வரி. அதைச் சரிபார்க்க ஆசிரியர் ஒருங்கிணைப்பாளரிடமே போனார். அந்தச் சொல்லைக் கேட்டதும் அவர் முகம் மாறியது. மூளைச்சாவு அடைந்தவரைப் பார்த்தால் இறந்தவர் போலவே தோன்றமாட்டார் என்று விளக்கினார். சுவாசக் கருவி காற்றைத் தள்ளுவதால் மார்பு ஏறி இறங்கும். தொட்டால் உடம்பு சூடாக இருக்கும். நாடி துடிக்கும். ஆனால் மூளைத்தண்டு இறந்துவிட்டது. கருவியைச் சிறிது நேரம் விலக்கிச் சோதித்தால் தானாக ஒரு மூச்சும் எழாது. நான்கு மருத்துவர்கள் கொண்ட குழு சோதித்து, குறைந்தது ஆறு மணி நேரம் கழித்து மறுபடியும் முழுதாகச் சோதித்து உறுதிசெய்த பிறகே சட்டப்படி அது மரணம். 1994ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது.

“சட்டம் சொல்கிறது, மருத்துவர் சொல்கிறார், அவர்களும் ஏற்றுக்கொண்டு கையெழுத்து இடுகிறார்கள். ஆனால் கண்ணால் பார்த்தது ஏறி இறங்கிய மார்பை. வீட்டுக்குப் போன பிறகு எத்தனையோ இரவு அது திரும்ப வரும். நாம் அவசரப்பட்டுவிட்டோமோ, இன்னும் ஒரு நாள் பொறுத்திருக்கலாமோ என்று நினைப்பார்கள். அந்த வீட்டுக்கு, உயிரைக் கொடுத்தார் என்று எழுதினால், உயிர் இருக்கும்போதே எடுத்துவிட்டார்கள் என்று படும். அவர் உயிரைக் கொடுக்கவில்லை, ஐயா. உயிர் போன பிறகு குடும்பம் சிறுநீரகத்தைக் கொடுத்தது.”

ஆசிரியர் வாழ்நாளெல்லாம் பிழை திருத்தியவர். ஒரு சொல்லில் இவ்வளவு பெரிய பிழை ஒளிந்திருக்கும் என்று அவர் எண்ணியிருக்கமாட்டார். வீட்டுக்கு வந்து ‘அவர் மறைந்த பிறகு’ என்று எழுதினார்.

கண்ணப்பரை விடுவதுதான் அவருக்குக் கடினமாக இருந்தது. பெரியபுராணம் அவருக்கு மனப்பாடம். அம்மையார் அதையும் எளிதாகவே கேட்டார்: “கண்ணப்பர் கொடுத்தது தம் கண்ணை. இங்கே யார் கொடுத்தது?” கொடுத்தவர் மறைந்தவர் அல்லர். அவருக்கு அப்போது கொடுக்கவும் மறுக்கவும் இயலாது. கொடுத்தவர், வராந்தாவில் நின்று தாளில் கையெழுத்திட்டவர். சாலை விபத்தானால் அதற்குப் பிறகும் காவல்துறை விசாரணை, பிரேதப் பரிசோதனை எல்லாம் முடியும் வரை ஒரு பகலோ ஓரிரவோ காத்திருந்து உடலைப் பெற்றுச் சென்றவர். தைத்து, துடைத்து, முகம் மாறாமல்தான் தருவார்கள். சடங்குகளுக்குக் குறைவொன்றும் இல்லை. இருந்தாலும் அந்தக் காத்திருப்பு காத்திருப்புதான். கண்ணப்பருக்கு இறைவன் கைபிடித்துத் தடுத்துக் கண்ணை நிலைக்கச் செய்தான். அந்த வீட்டில் யாரும் திரும்பி வரவில்லை. நன்றி போய்ச் சேரவேண்டியது அந்த வேளையில் அவர்கள் சொன்ன சம்மதத்துக்கே. சிபியும் ததீசியும் கண்ணப்பரும் ஒருசேர விடைபெற்றனர்.

‘என்னுள் வாழ்கிறார்’ என்பதை மகனே அடித்தார். அந்தக் குடும்பத்தார் அப்படி நினைத்து ஆறுதல் கொள்ளலாம். அவர்களுக்கு அந்த உரிமை உண்டு. பெற்றுக்கொண்டவர் முந்திக்கொண்டு உரிமை கொண்டாடலாகாது என்பது அவர் எண்ணம். அதில் வேறோர் அச்சமும் இருந்தது. மாற்றிய சிறுநீரகம் பத்து ஆண்டுகளும் அதற்கு மேலும் உழைப்பதுண்டு. சில மாதங்களில் உடல் அதை எதிர்த்து நிராகரிப்பதும் உண்டு. நிராகரிப்பைத் தடுக்கும் டாக்ரோலிமஸ் மாத்திரையைப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, காலை எட்டுக்கும் இரவு எட்டுக்கும், வாழ்நாள் முழுதும் விழுங்கவேண்டும். எல்லாம் ஒழுங்காகச் செய்தும் கிரியாட்டினின் அளவு ஒருநாள் ஏறத் தொடங்கலாம். ‘என்றும் காப்பேன்’ என்று எழுதிவிட்டு அது நின்றுபோனால், அந்த வீட்டில் இரண்டாவது முறை துக்கம் விழும். மாத்திரையைத் தவறவிடுவதில்லை என்று மட்டும் எழுதச் சொன்னார். அது அவர் கையில் இருப்பது.

இவ்வளவும் எடுத்துச் சொன்ன அம்மையார், இரண்டு இடங்களில் தாமே தடுமாறினார். கடிதத்தோடு கற்பகாம்பாள் சந்நிதிக் குங்குமத்தை மடித்து வைக்கவேண்டும் என்று கொண்டுவந்து கொடுத்தார். கொடுத்த கையோடு, ஒருவேளை மறைந்தவர் கணவராக இருந்து, உறையைப் பிரிப்பவர் மனைவியாக இருந்தால்? அவரே பொட்டலத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார். விபூதி வைக்கலாமே என்று ஆசிரியர் சொன்னார். அவர்கள் தேவாலயத்துக்குப் போகிற வீடோ, பள்ளிவாசலுக்குப் போகிற வீடோ என்று மகன் நினைவூட்டினார். அதுவும் நின்றது.

மற்றொன்று, வேண்டுதல். காத்திருந்த நான்கு ஆண்டுகளும் அம்மையார் நாள்தோறும் அம்பாள் சந்நிதியில் நின்று, என் மகனுக்கு ஒரு சிறுநீரகம் கிடைக்கவேண்டும் என்று கேட்டவர். ஒருநாள் தீபாராதனையின்போது, தாம் கேட்பது யாருடைய பிள்ளையோ போகவேண்டும் என்பதுதானே என்று திடுக்கிட்டார். அதன்பின், யாருக்கும் கெடுதல் வராமல் இவனுக்கு வழி காட்டு என்று மாற்றிக் கேட்டார். நடக்க முடியாத வேண்டுதல் அது என்பது அவருக்கே தெரியும். அதைக் கடிதத்தில் சொல்லி அந்தத் தாயிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று அழுதார். ஆசிரியர் இம்முறை உறுதியாக நின்றார். “மன்னித்தேன் என்று சொல்லும் வேலையையும் அவர்கள் தலையில் ஏற்றுவதா? அது அம்பாளுக்கும் உனக்கும் இடையில் இருக்கட்டும்” என்றார். அவர் சொன்னது சரி. நன்றிக் கடிதம் எழுதுகிறவர் தம் மனச்சுமையை அதில் இறக்கிவைத்தால், படிப்பவருக்கு அது கூடுதல் பாரம்.

மூன்றாவது வாரம் கடிதம் ஒரு பக்கத்துக்குள் அடங்கியது. மகன் தம் கையால் படியெடுக்க அமர்ந்தார். எடுத்தவுடன் கை பழக்கத்தில் பிள்ளையார் சுழியைப் போட்டுவிட்டது. அந்தத் தாளை எடுத்து வைத்துவிட்டு வேறொன்றில் எழுதினார். கடிதம் இதுதான்:

‘மதிப்பிற்குரிய குடும்பத்தாருக்கு,

உங்கள் வீட்டில் நேர்ந்த இழப்பை எண்ணி என் பெற்றோரும் நானும் வருந்துகிறோம். அவர் யாரென்று எங்களுக்குத் தெரியாது. நாள்தோறும் அவரை நினைக்கிறோம்.

அவர் மறைந்த பிறகு, மிகக் கடினமான ஒரு வேளையில், உங்களிடம் ஒரு கேள்வி கேட்கப்பட்டது. நீங்கள் சம்மதித்தீர்கள். அதனால் எனக்கு ஒரு சிறுநீரகம் கிடைத்தது. அந்தச் சம்மதத்துக்காக இக்கடிதம்.

நான்கு ஆண்டுகள் வாரத்தில் மூன்று நாட்கள் சிகிச்சைக்குப் போய் வந்தேன். குடிக்கும் தண்ணீரைக் காலையில் அளந்து வைத்துக்கொள்வேன். இப்போது தாகம் எடுக்கும்போது குடிக்கிறேன். ஒவ்வொரு முறையும் உங்கள் நினைவு வருகிறது.

மருந்துகளை வேளை தவறாமல் உட்கொள்கிறேன். இனியும் அப்படியே செய்வேன்.

இதற்கு நீங்கள் பதில் எழுதவேண்டும் என்பதில்லை. அவரைப் பற்றி எப்போதேனும் சொல்லத் தோன்றினால், கேட்டுக்கொள்ள நாங்கள் இருக்கிறோம்.

நன்றியுடன்.’

கீழே பெயர் இல்லை. மேலே தேதியும் இல்லை. தேதியை விட்டது ஒருங்கிணைப்பாளர் சொன்னதற்காக; ஆனால் அதற்கு வேறொரு பயனும் இருந்தது. அவர் அந்தக் குடும்பத்தைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டபோது, “இப்போது வேண்டாம். உங்களிடமே இருக்கட்டும்” என்று பதில் வந்தது. அந்த வீட்டில் சம்மதம் சொன்னவர் ஒருவராகவும், இன்னும் மனம் ஒப்பாதவர் மற்றொருவராகவும் இருக்கக்கூடும். ஒருங்கிணைப்பாளர் காரணம் கேட்கவில்லை. உறை அவருடைய அலமாரியில் ஏழு மாதங்கள் இருந்தது.

அந்த ஏழு மாதங்களில் ஒரு பங்குனி வந்தது. வெளியில் வாங்கி எதையும் குடிக்கக்கூடாது என்பது மருத்துவர் கட்டளை. மருந்து உடலின் எதிர்ப்பாற்றலைக் குறைத்து வைத்திருப்பதால் சிறு கிருமியும் பெரிதாகும். ஆகவே அறுபத்துமூவர் உற்சவத்தன்று அம்மையார் காய்ச்சி ஆறிய நீரில் வீட்டிலேயே மோர் கரைத்தார். மகன் முகக்கவசம் அணிந்து, கூட்டத்துக்கு ஒதுங்கி, தெருமுனை வரை போய்ச் சுவாமி பார்த்துவிட்டு வந்து, ஒரு செம்பு முழுவதும் குடித்தார். கடிதத்தில் இதைச் சேர்க்கலாமா என்று ஆசிரியர் ஒரு கணம் நினைத்ததுண்டு. ஊர் தெரிந்துவிடும் என்று விட்டுவிட்டார்.

ஆவணியில் ஒருநாள் ஒருங்கிணைப்பாளர் தொலைபேசியில் அழைத்தார். அவர்களே கூப்பிட்டுக் கேட்டார்களாம், கொடுத்தாகிவிட்டது. யார் வாங்கிக்கொண்டார்கள், என்ன சொன்னார்கள் என்பதை அவர் கூறவில்லை, இவர்களும் கேட்கவில்லை. அன்று மாலை அம்மையார் கற்பகாம்பாள் படத்துக்குப் பின்னாலிருந்த நாளிதழ்த் துண்டை எடுத்து, பிரித்துப் பார்க்காமலே மடித்துக் கணவரிடம் கொடுத்தார். ஆசிரியர் அதைக் கிழித்துப் போட்டார். பதில் ஏதும் இதுவரை வரவில்லை.